புக்கோல்ஸ் மணி அடித்தது, டிஃபரென்ஷியல் வாயே திறக்கவில்லை: இன்டர்டர்ன் ஃபால்ட்டில் இது சரிதானா?

#1 ஷிஃப்ட்_பொறுப்பு

25 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர், 110/11 கேவி. மேல் பக்கம் ஸ்டார், நியூட்ரல் நேரடி எர்த். கீழ்ப் பக்கம் டெல்டா. நேற்று பாதிச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தபோது புக்கோல்ஸ் கேஸ் அலாரம் வந்தது. டிஃபரென்ஷியல் (ரிலே திரையில் 87T) அசையவே இல்லை. பிக்கப் 20 சதவீதம், முதல் ஸ்லோப் 30 சதவீதம். எண்ணெய் வெப்பம், வைண்டிங் வெப்பம் இரண்டும் வழக்கம்போலத்தான் இருந்தன. கையால் ட்ரிப் செய்து நிறுத்திவிட்டோம். அதற்கு முன் ரிலே திரையில் மூன்று ஃபேஸிலும் டிஃபரென்ஷியல் கரன்ட் 0.04 காட்டியது.

மெக்கர் போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் ஆயிரக்கணக்கான மெகாஓம். உள்ளே சுற்றுகளுக்கு இடையே ஷார்ட் இருக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். இருந்தால் 87T பிடித்திருக்க வேண்டாமா? ரிலேயில் கோளாறா, செட்டிங்கில் கோளாறா? மறுபடி சார்ஜ் செய்து பார்க்கலாமா?

#2 பேனல்_முருகு

87 பிக்கப் 20 வைத்தால் இப்படித்தான். 10-க்கு இறக்குங்கள். அதோடு மேல் பக்கம் ஆர்.இ.எஃப். இருக்கிறதா? இருந்தால் இந்த மாதிரி சின்ன ஃபால்ட்டை அதுதான் முதலில் பிடிக்கும், 87-ஐ விட ரொம்ப சென்சிட்டிவ். மெக்கர் நன்றாக இருந்தால் ஒருமுறை சுமையில்லாமல் சார்ஜ் செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.

#3 தாமிரம்79

சார்ஜ் செய்யாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். உள்ளே ஷார்ட் இருந்தால் சார்ஜ் செய்யும் நேரத்து இன்ரஷ் ரிலேயை இன்னும் குருடாக்கும். நல்ல ஃபேஸில் வரும் இரண்டாம் ஹார்மோனிக், கிராஸ் பிளாக்கிங் போட்டிருந்தால் கெட்ட ஃபேஸையும் சேர்த்துத் தடுத்துவைக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு சுற்று போன இடத்தில் பத்துச் சுற்று போய்விடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 87T ஆம்பியரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரில் அது உண்மையில் பார்ப்பது ஆம்பியர்-சுற்றுச் சமநிலையை. உங்கள் மேல் பக்க வைண்டிங்கில் ஒரு ஃபேஸுக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக்கு அது நியாயமான எண். ஒரு சுற்றுக்கு 79 வோல்ட் சொச்சம். அதில் ஒரே ஒரு சுற்று தனக்குத்தானே ஷார்ட் ஆகி, அந்த வளையத்தில் 5000 ஆம்பியர் ஓடினால் வெளியே என்ன தெரியும்?

```
63500 V / 800      = 79.4 V
5000 A × 1 / 800   = 6.25 A
6.25 A / 131 A     = 4.8 %
```

131 என்பது உங்கள் மேல் பக்க முழுச்சுமை கரன்ட். உள்ளே 5000, வெளியே 6. ஷார்ட் ஆன சுற்று டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே ஒற்றைச் சுற்று செகண்டரியாக உட்கார்ந்துகொள்கிறது. 800-க்கு 1 என்ற விகிதம்தான் ஃபால்ட்டை மறைக்கிறது. ரிலே கெட்டுப்போகவில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. ஸ்டார் பக்கத்தில் ரிலே ஜீரோ சீக்வென்ஸை நீக்க A-யிலிருந்து B-ஐக் கழித்து √3-ஆல் வகுக்கிறது. ஒரு ஃபேஸில் மட்டும் கூடும் கரன்ட் அந்தக் கணக்கில் 58 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆக ரிலே கண்ணுக்கு வருவது 4.8 கூட இல்லை, 2.8 சதவீதம்.

உங்கள் 0.04 மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். அது டேப் நிலையும் சி.டி. பிழையும் சேர்ந்த பழைய மிச்சமாகத்தான் இருக்கும். பழைய பதிவில் இதே சுமைக்கு என்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

#4 மூன்றாமாண்டு

ஒரு சந்தேகம் சார். 5000 ஆம்பியர் ஓடினால் பேனல் அம்மீட்டரிலாவது தெரியாதா? 6 ஆம்பியர் கூடினால் முள் நகருமே?

#5 தாமிரம்79

6 ஆம்பியர்கூட நேராகக் கூடாது. வளைய கரன்ட் பெரும்பாலும் ரியாக்டிவ், சுமை கரன்ட் பெரும்பாலும் ஆக்டிவ். 65 ஆம்பியர் சுமைக்கு 6.25 செங்குத்தாகச் சேர்ந்தால் வருவது 65.3. முள் இருக்கிற இடத்திலேயே இருக்கும். டிஃபரென்ஷியலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வெக்டராகக் கழிக்கிறது. ஆனாலும் கிடைப்பது அதே சிறிய எண்தான்.

#6 எண்ணெய்_மூக்கு

தாமிரம் சொன்னதில் ஒரு இடத்தில் பிரேக் போட வேண்டும். மேல் பக்கக் கம்பி ஏறத்தாழ 50 சதுர மில்லிமீட்டர் என்று வைத்தால், 5000 ஆம்பியர் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 100 ஆம்பியர். அந்த அடர்த்தியில் தாமிரம் வினாடிக்கு 60 டிகிரி போல ஏறும். சில வினாடியில் காகிதம் கரி. கால் நிமிடத்தில் கம்பியே உருகத் தொடங்கும். அப்படி ஒரு முழு ஷார்ட் இருந்திருந்தால் கேஸ் அலாரத்தோடு நின்றிருக்காது, நிதானமாக வந்து கையால் ட்ரிப் செய்ய நேரமும் இருந்திருக்காது.

எனவே உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய நிலை என்று நினைக்கிறேன். இரண்டு சுற்றுக்கு நடுவே காகிதம் கருகி, கரி வழியாகத் தொட்டும் தொடாமலும் பொறி விடுகிறது. 79 வோல்ட் அந்த இடத்தில் சில நூறு ஆம்பியரை விட்டுவிட்டுத் தள்ளும். 400 ஆம்பியர் என்று வைத்தாலும் மேல் பக்கத்தில் கூடுவது அரை ஆம்பியர். எந்த டிஃபரென்ஷியலுக்கும் அது கண்ணில் படாது. ஆனால் 79 வோல்ட், 400 ஆம்பியர் என்றால் ஒரு புள்ளியில் 30 கிலோவாட் வரை. எண்ணெய் அங்கேயே சிதைந்து கேஸாகிறது.

வெப்பமானி ஏன் காட்டவில்லை என்றால், இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரில் முழுச்சுமை இழப்பே நூறு கிலோவாட் கணக்கு. விட்டுவிட்டு வரும் 30 கிலோவாட் அந்த எண்ணெய்க் கடலில் கரைந்துபோகும். கேஸ் கரையாமல் மேலே ஏறி வந்து ரிலேயில் தங்குகிறது, புக்கோல்ஸ் முந்துவதன் ரகசியம் அவ்வளவுதான். 200 முதல் 300 மில்லிலிட்டர் சேர்ந்ததும் மேல் மிதவை இறங்கி அலாரம்.

புக்கோல்ஸில் சேர்ந்த கேஸை வடிக்காமல் வைத்திருக்கிறீர்களா? காற்றா, எரியும் கேஸா என்பதுதான் முதல் கேள்வி. எண்ணெய் மாதிரி டேங்கின் அடியிலிருந்தும், கேஸ் மாதிரி ரிலேயிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள்.

#7 பேனல்_முருகு

சரி, 87 பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்.இ.எஃப். விஷயத்தில் யாரும் பதில் சொல்லவில்லையே. 5 சதவீதம்கூட வைக்கலாம். ஸ்டார் நியூட்ரலில் கரன்ட் வந்தால் பிடிக்காதா?

#8 தாமிரம்79

வந்தால் பிடிக்கும் என்பதில்தான் சிக்கல், முருகு. ஆர்.இ.எஃப். கேட்பது, மூன்று ஃபேஸ் சி.டி. கூட்டுத்தொகையும் நியூட்ரல் சி.டி.யும் பொருந்துகிறதா என்பதை மட்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஷார்ட் என்றால் கரன்ட் எங்கும் டேங்குக்குக் கசியவில்லை. லைன் முனையில் உள்ளே போவது நியூட்ரல் முனையில் அப்படியே வெளியே வருகிறது. 5 அல்ல, 1 சதவீதம் வைத்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும். சுற்று எரிந்து இரும்பையோ டேங்கையோ தொட்டபின் ஆர்.இ.எஃப். உடனே அடிக்கும், அது உண்மை. ஆனால் அதற்குள் வைண்டிங் கதை முடிந்திருக்கும்.

மெக்கரும் இதே காரணத்தால்தான் நன்றாக வந்தது. மெக்கர் அளப்பது வைண்டிங்குக்கும் எர்த்துக்கும், வைண்டிங்குக்கும் வைண்டிங்குக்கும் நடுவில். ஒரே வைண்டிங்கின் இரு சுற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

பிக்கப்பை 10 ஆக்குவது பற்றியும் கணக்கில் பாருங்கள். 20 சதவீதம் என்றால் 26 ஆம்பியர். 58 சதவீதச் சுருக்கத்தைத் திருப்பினால் 45 ஆம்பியர். அதை 800-ஆல் பெருக்கினால் 36,000 ஆம்பியர்-சுற்று. வளையத்தில் 5000 என்றே வைத்தால் ஏழெட்டுச் சுற்று போயிருக்க வேண்டும். 10 சதவீதம் ஆக்கினால் 18,000, அதாவது நான்கு சுற்று. முதல் சுற்று அப்போதும் தெரியாது. முழுச்சுமையில் பிக்கப் எண்ணுக்கே மதிப்பில்லை, ஸ்லோப் தான் ஆளும். 30 சதவீத ஸ்லோப்பில் முழுச்சுமைக்கு 39 ஆம்பியர் வேண்டும், அது 54,000 ஆம்பியர்-சுற்று, பதினொரு சுற்று. அதே ஃபால்ட் இரவில் சுமை குறைந்தபோது ட்ரிப் ஆகும், மாலை உச்சத்தில் ஆகாது என்பதை எத்தனை பேர் யோசிக்கிறோம்?

#9 டர்பைன்_தளம்

எங்களிடம் ஜெனரேட்டரிலும் இதே பிரச்சினைதான். 87G இருக்கிறது. அதையும் 5 சதவீதத்துக்கு இறக்கினால் இன்டர்டர்ன் ஃபால்ட்டைப் பிடிக்குமா? பிக்கப் எவ்வளவு வைக்கலாம்?

#10 தாமிரம்79

அது இதே பிரச்சினை அல்ல, அதைவிட மோசம். டிரான்ஸ்ஃபார்மரில் 87T-க்கு இன்னொரு வைண்டிங்கின் கரன்ட்டோடு ஒப்பிடும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் கொள்கையளவிலாவது ஃபால்ட் தெரியும், அளவுதான் போதாது. ஸ்டேட்டரில் 87G ஒரே ஃபேஸின் இரு முனையையும் ஒப்பிடுகிறது. உள்ளே ஐந்து சுற்று எரிந்தாலும் இரு முனையிலும் ஒரே கரன்ட்தான். பிக்கப் பூஜ்யமே வைத்தாலும் தெரியாது. ஒவ்வொரு ஃபேஸிலும் இரண்டு இணை வழி வெளியே கொண்டுவந்திருந்தால் ஸ்ப்ளிட் ஃபேஸ் போடலாம். இல்லையென்றால் ஜெனரேட்டர் நியூட்ரலோடு இணைத்து, எர்த் செய்யாமல் விட்ட நியூட்ரல் கொண்ட தனி வி.டி. வைத்து அதன் ஓபன் டெல்டா வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். உங்கள் ஸ்டேட்டர் காயிலா, பாரா? ஒற்றைச் சுற்று பார் என்றால் ஸ்லாட்டுக்குள் இன்டர்டர்ன் என்பதே வேறு அர்த்தம். தனி இழை போடுங்கள்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் டெர்ஷியரியைச் சேர்க்காமல் ஃபேஸ் வாரியாக ஒரே செப்புப் பாதையைச் சுற்றிப் போட்ட டிஃபரென்ஷியலுக்கும் இதே குருட்டுத்தனம் உண்டு. ஷன்ட் ரியாக்டருக்கும் அப்படியே. அதை அறியாமல் நம்பியிருப்பவர்கள் நிறைய.

#11 ஷிஃப்ட்_பொறுப்பு

பழைய பதிவு பார்த்தேன், தாமிரம் சார் சொன்னது சரி. இதே சுமை, இதே டேப்பில் முன்பும் 0.03, 0.04 தான்.

ரிலேயில் சேர்ந்த கேஸ் எரிந்தது. எண்ணெய் முடிவு வந்துவிட்டது, எல்லாம் பிபிஎம்: ஹைட்ரஜன் 420, மீத்தேன் 190, ஈத்தேன் 35, எத்திலீன் 310, அசிட்டிலீன் 260. கார்பன் மோனாக்சைடு 910, போன மாதிரியில் 380. போன மாதிரியில் அசிட்டிலீன் 1 தான் இருந்தது.

ஒருவர் இது டேப் சேஞ்சர் எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிந்ததால் வந்த அசிட்டிலீன், பயப்பட வேண்டாம் என்கிறார்.

#12 எண்ணெய்_மூக்கு

டேப் சேஞ்சர் சந்தேகம் நியாயமானது, ஆனால் எண்கள் ஒத்துவரவில்லை. டேப் சேஞ்சர் கசிவு என்றால் அசிட்டிலீன் ஹைட்ரஜனைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும், ஏனென்றால் ஹைட்ரஜன் தப்பிவிடும். உங்களுக்கு 260-ஐ 420-ஆல் வகுத்தால் 0.62. மேலும் கசிவு புக்கோல்ஸில் எரியும் கேஸைக் குமிழியாகச் சேர்க்காது.

ஐ.இ.சி. 60599 விகிதங்களைப் போடுங்கள்:

```
C2H2/C2H4 = 260/310 = 0.84
CH4/H2    = 190/420 = 0.45
C2H4/C2H6 = 310/35  = 8.9
```

மூன்றும் D2 வரம்புக்குள் விழுகின்றன. அதாவது வலுவான ஆற்றலுள்ள டிஸ்சார்ஜ், வெறும் சூடான ஜாயின்ட் அல்ல. ஜாயின்ட் மட்டும் சூடாகியிருந்தால் எத்திலீன் முன்னால் நின்றிருக்கும், அசிட்டிலீன் பின்னால் நின்றிருக்கும். கார்பன் மோனாக்சைடு இரட்டிப்பானதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, காகிதமும் எரிகிறது. டேப் செலக்டர் தொடுமுனையில் பொறி என்றால் காகிதம் இவ்வளவு சேராது. இது வைண்டிங் என்றே நான் சொல்வேன். ஆனால் கேஸ் எந்த ஃபேஸ் என்று சொல்லாது. அதை மின்சோதனைதான் சொல்ல வேண்டும்.

#13 பேனல்_முருகு

சரி, டி.டி.ஆர். போடுங்கள், ரேஷியோ வித்தியாசத்தில் தெரிந்துவிடும். வைண்டிங் ரெசிஸ்டன்ஸும்.

#14 தாமிரம்79

ரெசிஸ்டன்ஸ் நேரத்தை வீணாக்கும். 800-இல் ஒன்று போனால் 0.125 சதவீதம் குறையும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே 0.4 சதவீதம் மாறும். ரேஷியோவும் எண்ணிக்கையளவில் அப்படித்தான், 0.5 சதவீத வரம்புக்குள் ஒரு சுற்று ஒளிந்துகொள்ளும். டி.டி.ஆர். போடும்போது ரேஷியோவைவிட அந்தக் கருவி காட்டும் எக்சைட்டிங் கரன்ட்டைப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒற்றை ஃபேஸ் எக்சைட்டிங் கரன்ட் சோதனை. கீழ்ப் பக்க முனைகளைத் திறந்து விடுங்கள். மேல் பக்கத்தில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட்டேஜ் கொடுத்து மில்லிஆம்பியர் எடுங்கள். சோதனைக்கு முன், ரெசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் கோரை டிமேக்னடைஸ் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மிச்சக் காந்தம் எண்ணைக் குழப்பும். நல்ல மூன்று லிம்ப் கோரில் இரு ஓரமும் ஏறத்தாழச் சமம், நடு லிம்ப் குறைவு. இந்த அமைப்பு உடைந்தால் அந்த ஃபேஸ்தான்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், இங்கே ஒப்பிடுவது 131 ஆம்பியர் சுமையோடு அல்ல, சில மில்லிஆம்பியர் காந்தக் கரன்ட்டோடு. முழு ஷார்ட் ஒன்று இருந்தால் 230 வோல்ட்டிலேயே வெளியே 20 மில்லிஆம்பியர் சொச்சம் கூடும், நல்ல ஃபேஸில் ஒன்றிரண்டுதான் இருக்கும். சர்வீஸில் 5 சதவீதம் கூட இல்லாத ஃபால்ட் இங்கே பத்து மடங்காக நிற்கும்.

ஆனால் எண்ணெய்_மூக்கு சொன்ன மாதிரி கரித் தொடுப்பு என்றால் குறைந்த வோல்ட்டேஜில் அது திறந்தே இருக்கலாம். 230 வோல்ட்டில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.3 வோல்ட்கூட இல்லை. அதனால் 230-இல் நன்றாக வந்தால் நம்பாதீர்கள், 10 கேவி வரை படிப்படியாக ஏற்றிப் பாருங்கள்.

#15 மூன்றாமாண்டு

எஸ்.எஃப்.ஆர்.ஏ. போட்டால் தெரியாதா?

#16 எண்ணெய்_மூக்கு

தெரியும். கீழ்ப் பக்கம் திறந்த நிலையில் எடுக்கும் கோட்டின் ஆரம்பப் பகுதியில், 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, கெட்ட ஃபேஸ் மட்டும் ஷார்ட் செய்து எடுத்தது போல மாறியிருக்கும். ஆனால் அந்தக் கருவி தருவது சில வோல்ட். கரித் தொடுப்பை அது மூடாது. பழைய பதிவும் வேண்டும். முதலில் எக்சைட்டிங் கரன்ட்தான்.

#17 87Q_ஆதரவாளன்

எல்லாரும் சோதனை பற்றியே பேசுகிறீர்கள், ரிலேயில் தீர்வு இருக்கிறதே. நியூமெரிக்கல் ரிலே என்றால் நெகட்டிவ் சீக்வென்ஸ் டிஃபரென்ஷியல் இருக்கும், திரையில் 87Q. சமச்சீரான சுமையில் நெகட்டிவ் சீக்வென்ஸ் கிட்டத்தட்ட இல்லை, எனவே ஸ்லோப்பின் சுமை அதன்மேல் ஏறாது, பிக்கப் 5 சதவீதம் வைக்கலாம். முழுச்சுமையிலும் அதே 5. இதைப் போட்டிருந்தால் அலாரத்துக்கு முன்பே ட்ரிப் ஆகியிருக்கும்.

#18 தாமிரம்79

முதல் மூன்று வரி சரி, கடைசி வரி தவறு. ஒரு ஃபேஸில் மட்டும் கூடுவதில் நெகட்டிவ் சீக்வென்ஸ் மூன்றில் ஒரு பங்கு. 131-இல் 5 சதவீதம் 6.5 ஆம்பியர், மூன்றால் பெருக்கினால் 20, அதை 800-ஆல் பெருக்கினால் 16,000 ஆம்பியர்-சுற்று. நான்கு சுற்று. சாதாரண 87T முழுச்சுமையில் பதினொரு சுற்று கேட்ட இடத்தில் இது நான்கில் பிடிக்கிறது. உண்மையிலேயே பெரிய ஆதாயம், சேதம் கோர் வரை போய்ப் பல லட்சம் ரூபாய் இழப்பாகாமல் தடுக்கும். ஆனால் இவருக்கு நேற்று இருந்தது சில நூறு ஆம்பியர்-சுற்று. அங்கே 87Q-வும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஒரு வரிசையாகப் பார்த்தால் புரியும். கரித் தொடுப்பு நிலையில் கேஸ் மட்டும். அது முழு ஷார்ட் ஆனதும் சில வினாடிகளுக்கு யாருக்கும் தெரியாது. பக்கத்துச் சுற்றுகளின் காகிதம் கருகி மூன்று நான்கு சேர்ந்ததும் 87Q. எட்டு, பத்து சேர்ந்ததும் 87T. இந்தக் கட்டத்தில் எண்ணெய் கொதித்துத் தள்ளும் வேகத்தில் புக்கோல்ஸின் கீழ் மிதவையும் போட்டிக்கு வரும். இரும்பைத் தொட்டால் ஆர்.இ.எஃப். இரண்டாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் இடையே சில வினாடி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

சதவீதச் சுற்று என்று சொல்லும்போதும் ஏமாறாதீர்கள். கீழ்ப் பக்கத்தில் ஏறத்தாழ 139 சுற்றுதான். அங்கே ஒரு சுற்று போனால் 0.7 சதவீதம், மேல் பக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் சுற்றுக்கு வோல்ட் இரண்டிலும் 79 தான். வளையத்தில் அதே 5000 ஓடினால் மேல் பக்கத்தில் தெரிவதும் அதே 6 ஆம்பியர்தான்.

#19 87Q_ஆதரவாளன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ரிப்புக்கு இணைப்பதில் மட்டும் தயக்கம் வேண்டாம்.

#20 ரிலேரூம்_கதவு

எனக்குத் தயக்கம் இருக்கிறது. வெளியே ஃபேஸ்-ஃபேஸ் ஃபால்ட் வந்து ஒரு பக்க சி.டி. தெவிட்டினால், பொய்யான நெகட்டிவ் சீக்வென்ஸ் 5 சதவீதத்தை எளிதாகத் தாண்டும். வெளி ஃபால்ட் கண்டறிந்து 87Q-வைத் தடுக்கும் தர்க்கம் உங்கள் ரிலேயில் இருக்கிறதா என்று பார்க்காமல் ட்ரிப்புக்கு இணைத்தால், நல்ல டிரான்ஸ்ஃபார்மரை மழைக்காலம் முழுக்க ட்ரிப் செய்துகொண்டிருப்பீர்கள். சார்ஜ் செய்யும்போதும் இன்ரஷ் நெகட்டிவ் சீக்வென்ஸ் கொடுக்கும், தடை வேண்டும். நான் ஒரு வருடம் அலாரமாக ஓடவிட்டுப் பதிவுகளைப் பார்த்தபின் ட்ரிப்புக்கு மாற்றுவேன்.

#21 87Q_ஆதரவாளன்

அந்த ஒரு வருடத்தில் ஃபால்ட் வந்தால்? அலாரத்தைப் பார்த்து ஆள் ஓடி வருவதற்குள் தாமிரம் கணக்குப்படி எட்டுச் சுற்று போயிருக்கும். சிறிய தாமதம், 30 மில்லிவினாடி, வெளி ஃபால்ட் தடை, இந்த இரண்டோடு ட்ரிப் போடுவது என் வழக்கம்.

#22 ரிலேரூம்_கதவு

30 போதாது என்பது என் கருத்து. சி.டி.யின் நீ வோல்ட்டேஜ் கணக்கைப் பார்க்காமல் இருவருமே எண் சொல்லக் கூடாது.

#23 ஷிஃப்ட்_பொறுப்பு

சோதனை முடிந்தது. டிமேக்னடைஸ் செய்தபின் 230 வோல்ட்டில் A 2.1, B 1.6, C 4.3 மில்லிஆம்பியர். 10 கேவிக்கு A-யும் B-யும் ஒழுங்காக ஏறின. C-யில் 2 கேவியைத் தொடும்போது கரன்ட் ஒரே தாவலாகத் தாவி சோதனைப் பெட்டி தானே கட்டாகிவிட்டது. மூன்று முறை செய்தோம், மூன்றிலும் 2 கேவிக்கு அருகில்தான். ரேஷியோ மூன்று ஃபேஸிலும் 0.5 வரம்புக்குள்தான், C-யில் 0.2.

#24 தாமிரம்79

போதும், இனி ஏற்றாதீர்கள். 2 கேவியில் ஒரு சுற்றுக்கு 2.5 வோல்ட். கரித் தொடுப்பு அங்கே மூடிக்கொள்கிறது. 230-இல் கூடிய 2 மில்லிஆம்பியரே அந்த வழி அரைகுறையாகத் திறந்திருப்பதைக் காட்டிவிட்டது. இதை வைத்து சர்வீஸில் எவ்வளவு ஓடியது என்று கணக்குப் போட முயலாதீர்கள், குளிர்ந்த கரி ஒன்று, பொறிவிடும் கரி வேறு.

முருகு, ரேஷியோவைப் பாருங்கள். வரம்புக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் C மட்டும் தனியாக நிற்கிறது. பழைய ஃபேக்டரி ரிப்போர்ட்டில் C எவ்வளவு இருந்தது என்று பார்த்தால் அந்த 0.2 புதிதா, பிறந்ததிலிருந்தே இருந்ததா என்று தெரியும்.

#25 பேனல்_முருகு

சார்ஜ் செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் கேஸ் அலாரத்தையே ட்ரிப்புக்குப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

#26 எண்ணெய்_மூக்கு

எண்ணெய் ஃபில்டர் செய்து ஒரு வாரத்துக்குள் சிக்கிய காற்று மேலே வந்தால் ட்ரிப். பம்ப் உறிஞ்சும் பக்கம் கசிந்து காற்று இழுத்தால் ட்ரிப். பணியாளர் இல்லாத துணை மின்நிலையத்தில் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். பணியாளர் இருக்கும் இடத்தில் அலாரமாகவே வைத்து, அலாரம் வந்தால் சுமையை மாற்றி நிறுத்து என்று எழுதி ஒட்டுவது என் விருப்பம். இவர் ஷிஃப்ட் அதைத்தான் செய்திருக்கிறது.

#27 ஷிஃப்ட்_பொறுப்பு

ஃபேக்டரி ரிப்போர்ட்டில் C ரேஷியோ பிழை 0.05. ஆக 0.2 புதிது.

மேன்ஹோல் திறந்து பார்த்தோம். மேலே எதுவும் தெரியவில்லை, C காயிலின் அடியில் டேங்க் தரையில் கொஞ்சம் கரித்தூள். மேல் பக்க வைண்டிங் வெளியே இருப்பதால் பக்கவாட்டில் பார்க்க முடிகிறது, ஆனால் டேப் லீட் மறைக்கிறது. ஆக்டிவ் பார்ட்டை வெளியே எடுக்க ஏற்பாடு நடக்கிறது. லைன் முனைக்கு அருகிலுள்ள டிஸ்க்கா, டேப் பகுதியா என்று தெரிந்ததும் இங்கே போடுகிறேன். 87Q இப்போதைக்கு அலாரமாக மாற்று டிரான்ஸ்ஃபார்மரில் இயக்கியிருக்கிறோம். ட்ரிப்பா என்பதை சி.டி. கணக்கு வந்தபின் பார்ப்போம்.

#28 தாமிரம்79

டேப் பகுதி என்றால், அலாரம் வந்தபோது எந்த டேப்பில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எக்சைட்டிங் கரன்ட்டை எந்த டேப்பில் எடுத்தீர்கள்? அந்தச் சுற்றுகள் வழியில் இல்லாத டேப்பிலும் C கெட்டதாகவே காட்டும், அதே லிம்ப்பில்தானே இருக்கிறது, அதனால் டேப் மாற்றிச் சோதித்து இடம் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.